வாரத்துக்கு 1,524 ரிங்கிட்: இ-ஹெய்லிங் ஓட்டுநருக்கு ஒரு மணி நேரத்திற்கு உண்மையில் கிடைப்பது எவ்வளவு?

கிள்ளான்: ஞாயிற்றுக்கிழமை இரவானால் இ-ஹெய்லிங் ஓட்டுநர்களின் புலனக் குழுக்களில் ஸ்கிரீன்ஷாட்டுகள் வரத் தொடங்கிவிடும். "இந்த வாரம் 1,500 தாண்டியாச்சு", "எனக்கு 1,700" என்று ஒருவர் போட, கீழே கைதட்டும் படங்கள் குவியும். அதே படம் குடும்பக் குழுவுக்கும் போகும். தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் மச்சானோ, பாதுகாவலர் வேலையில் 12 மணி நேரம் நிற்கும் தம்பியோ அதைப் பார்த்துவிட்டு, "நாமும் ஒரு பெஸா எடுத்து ஓட்டினால் என்ன?" என்று கேட்பது பல வீடுகளில் நடக்கிறது.

காப்பாரில் வசிக்கும் ஓட்டுநர் ஒருவரின் வீட்டிலும் அந்தக் கேள்விதான் எழுந்தது. அவருடைய மனைவியின் தம்பி கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அடிப்படைச் சம்பளம் 2,100 ரிங்கிட். மாமாவின் கைப்பேசியில் 1,524 என்ற எண்ணைப் பார்த்ததும் அவர் நான்கால் பெருக்கினார். 6,096 ரிங்கிட். கார் வாங்க முன்பணம் கட்டுவது பற்றி அக்காவிடம் பேசியும் விட்டார். மாமாதான், "பொறு மச்சான், ஒரு வாரம் நான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறேன். அப்புறம் முடிவு பண்ணு" என்று நிறுத்தினார்.

அவர் எழுதி வைத்த அந்த வாரக் கணக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டால், எந்த ஸ்கிரீன்ஷாட்டையும் படிக்கும் வழி பிடிபடும். படத்தில் இருக்கும் எண்கள் பொய்யல்ல. கணக்கை முடிக்கத் தேவையான இரண்டு எண்கள் அதில் இருப்பதில்லை, அவ்வளவுதான். ஒன்று, கார் மொத்தம் ஓடிய தூரம். மற்றது, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும் வரை போன நேரம்.

முதலில், அது எந்த எண்?

வார வருமானப் பக்கத்தின் மேலே பெரிதாக ஒரு தொகை இருக்கும். அதைத் தட்டினால் விவரம் விரியும். அந்தப் பெரிய தொகை தரகுக் கழிவுக்கு முந்தியதா பிந்தியதா என்பது செயலிக்குச் செயலி வேறுபடுகிறது. Total Earnings என்றோ Net Earnings என்றோ போட்டிருக்கும் பெயரை மட்டும் நம்பக்கூடாது. விவரத்தை விரித்து, கூட்டியும் கழித்தும் பார்க்க வேண்டும்.

காப்பார் ஓட்டுநரின் படத்தை விரித்தபோது இருந்தவை இவை: பயணக் கட்டணம் 1,365 ரிங்கிட், ஊக்கத்தொகை 95 ரிங்கிட், டோல் 64 ரிங்கிட். மூன்றையும் கூட்டினால் 1,524. ஆக, மச்சான் பார்த்த எண் தரகு கழிக்கப்படாத எண். அதற்குக் கீழே தரகு 273 ரிங்கிட் என்று தனி வரியில் இருந்தது. 273ஐ 1,365ஆல் வகுத்தால் சரியாக 20 விழுக்காடு. மலேசியாவில் பயணிகளை ஏற்றும் செயலிகளில் ஓட்டுநர்களுக்குப் பழக்கமான அளவு அதுதான். தரகு, பயணக் கட்டணத்தின் மீது மட்டும் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஊக்கத்தொகையிலோ டோலிலோ கை வைக்கப்படவில்லை.

இங்கே இரண்டு தவறுகள் சாதாரணமாக நடக்கின்றன. மேலே தெரியும் தொகை ஏற்கெனவே தரகு போன தொகையாக இருக்க, இன்னொரு 20 விழுக்காட்டைக் கழித்துவிட்டு "ஒன்றுமே மிஞ்சவில்லை" என்று சொல்வது ஒன்று. பயணி கொடுத்த தொகையை வைத்துத் தரகைக் கணக்கிட்டு, "30 விழுக்காடு பிடிக்கிறார்கள்" என்று கோபப்படுவது இன்னொன்று. பயணி செலுத்தும் தொகையில் செயலி நிறுவனத்தின் தனிக் கட்டணமும் சேர்ந்திருக்கலாம்; அது ஓட்டுநரின் பயணக் கட்டணத்தில் வராது. சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு பயணத்தின் ரசீதைத் திறந்து பார்த்தால் போதும். கட்டணம், தரகு, கைக்கு வந்தது மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். அந்த ஒரு பயணத்தில் பிடிபடும் விகிதம் வாரக் கணக்கிலும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

வங்கிக்கு வந்த பணத்தை வருமானமாக எடுத்துக்கொள்வதும் கூடாது. பயணி ரொக்கமாகக் கொடுத்தால் அது அப்போதே ஓட்டுநரின் சட்டைப்பைக்குப் போய்விடும். அந்தப் பயணத்துக்கான தரகைச் செயலி அவருடைய பணப்பையிலிருந்து பிடித்துக்கொள்ளும். ரொக்கப் பயணங்கள் அதிகமான வாரத்தில் வங்கித் தொகை மெலிந்து காணப்படும். ஆனால் அந்தப் பணம் நாசி லெமாக், தேநீர், பிள்ளையின் பள்ளிச் செலவு என்று வழியிலேயே கரைந்திருக்கும்.

டோல் வருமானம் அல்ல

அந்த 64 ரிங்கிட் டோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயணி காரில் இருக்கும்போது கடந்த சாவடிகளுக்கான பணம் அது. ஓட்டுநர் தம் டச் அண்ட் கோ அட்டையில் முன்பே கட்டியது திரும்பி வருகிறது. அதை வருமானத்தில் சேர்த்தால், கட்டியதையும் செலவில் காட்ட வேண்டும். அந்த வாரம் அட்டையின் கணக்குப் பட்டியலில் மொத்தம் 96 ரிங்கிட் போயிருந்தது. வித்தியாசம் 32 ரிங்கிட். பயணி இல்லாமல் கெசாஸ் நெடுஞ்சாலையிலும் எல்டிபி சாலையிலும் வெறுங்காராகத் திரும்பியதற்கு அவர் சொந்தக் காசில் கட்டியது அது.

கூட்டரசு நெடுஞ்சாலையின் பத்து தீகா, சுங்கை ராசாவ் சாவடிகளில் 2018 ஜனவரி 1 முதல் டோல் கிடையாது என்பதால், கிள்ளானிலிருந்து பெட்டாலிங் ஜெயா பக்கம் போகிற ஓட்டுநர்கள் காலியாகத் திரும்பும்போது அந்தச் சாலையையே பிடிக்கிறார்கள். டோல் மிச்சம். ஆனால் மாலை ஆறு மணிக்கு அதில் மாட்டிக்கொண்டால் மிச்சமான மூன்று ரிங்கிட்டுக்கு முக்கால் மணி நேரம் போகும்.

இதுவரை கணக்கு இப்படி நிற்கிறது. 1,365இல் 273 போக 1,092. ஊக்கத்தொகை 95 சேர்த்தால் 1,187. சொந்த டோல் 32 போனால் 1,155 ரிங்கிட்.

எண்ணெய்: காசு கொடுத்த கிலோமீட்டரும் கொடுக்காத கிலோமீட்டரும்

அந்த வாரம் அவர் 98 பயணங்கள் ஓட்டினார். ஒவ்வொரு பயணத்தின் ரசீதிலும் உள்ள தூரத்தைக் கூட்டினால் 828 கிலோமீட்டர். இதை மட்டும் வைத்து எண்ணெய்க் கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் திங்கட்கிழமை காலை கிளம்பும்முன் மீட்டரைப் படம் எடுத்து, ஞாயிறு இரவு மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது கார் 1,424 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதில் குடும்பத்தோடு கோயிலுக்கும் சந்தைக்கும் போன 44 கிலோமீட்டரைக் கழித்தால், வேலைக்காக ஓடியது 1,380 கிலோமீட்டர்.

828ஐ 1,380ஆல் வகுத்தால் 60 விழுக்காடு. அதாவது பத்து கிலோமீட்டர் ஓடினால் ஆறுக்குத்தான் யாரோ காசு கொடுக்கிறார்கள். மீதி நான்கு எங்கே போகிறது? ஒரு பகுதி, அழைப்பு வந்ததும் பயணியை ஏற்றப் போகிற தூரம். இன்னொரு பகுதி, இறக்கிவிட்ட இடத்தில் அழைப்பு இல்லாமல் வேறு பேட்டைக்கு நகர்வது. காப்பார், மேரு, பெஸ்தாரி ஜெயா போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு மூன்றாவது பகுதிதான் கனமானது: காலையில் ஆள் இருக்கிற ஊருக்குப் போவதும் இரவில் வீட்டுக்குத் திரும்புவதும். பழைய தோட்டப்புறத்தில் வாடகையில்லாத வீடு இருப்பது ஒரு வரம்தான். அதற்கான விலையை இந்தத் தொழிலில் எண்ணெயாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விளம்பரத் தாளிலிருந்து எடுக்கக்கூடாது. குளிர்சாதனம் நாள் முழுக்க ஓட, நெரிசலில் நின்று நின்று போகும் 1.3 பெஸா, நெடுஞ்சாலைக் கணக்கில் ஓடாது. சரியான வழி பழைய வழிதான். டாங்கியை ஒரு தடவை முழுமையாக நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, மீட்டரைக் குறித்துக்கொள்வது. அடுத்த வாரம் அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், மறுபடியும் முழுமையாக நிரப்புவது. இடையில் அடித்த லிட்டர் எல்லாவற்றையும் கூட்டி, ஓடிய தூரத்தை அதனால் வகுப்பது. இருபது வெள்ளிக்கு, முப்பது வெள்ளிக்கு என்று அடிக்கிற பழக்கத்தோடு டாங்கி முள்ளைப் பார்த்துக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றும் வரும், 11 என்றும் வரும். இரண்டும் தப்பு.

இவருடைய காருக்கு 1,424 கிலோமீட்டருக்கு 98.2 லிட்டர் பிடித்தது, லிட்டருக்கு 14.5 கிலோமீட்டர். வேலைக்காக ஓடிய 1,380 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 95 லிட்டர். பூடி95 திட்டத்தின் 1.99 ரிங்கிட் விலையில் அது 189 ரிங்கிட்.

அந்த 1.99ஐயும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்கள் அனைவருக்கும் மைகாட் மூலம் அந்த விலை கிடைக்கத் தொடங்கியபோது, ஒருவருக்கு மாதம் 300 லிட்டர் என்ற வரம்பு இருந்தது. வாரம் 95 லிட்டர் என்றால் மாதத்துக்கு 410 லிட்டருக்கு மேல் போகும். இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்குக் கூடுதல் ஒதுக்கீடு இருப்பதால்தான் இவர் தப்பிக்கிறார். அந்தக் கூடுதல் ஒதுக்கீடு தம் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டுகிறவர், மாதக் கடைசியில் மானியமில்லாத விலையில் அடிப்பார். திட்டம் தொடங்கிய சமயத்தில் அந்த விலை 2.60 ரிங்கிட். 110 லிட்டருக்கு வித்தியாசம் 67 ரிங்கிட். ரசீதில் விலை எது என்பதைப் பார்த்து எழுதுவது அதனால்தான் முக்கியம்.

1,155இல் 189 போனால் 966 ரிங்கிட். தரகும் டோலும் எண்ணெயும் போக அந்த வாரம் கையில் நின்றது இவ்வளவு. மச்சான் பார்த்த எண்ணில் 63 விழுக்காடு.

எந்த மணியால் வகுப்பது?

செயலியில் Online Hours என்று 56 மணி நேரம் காட்டியது. 966ஐ 56ஆல் வகுத்தால் மணிக்கு 17.25 ரிங்கிட். மோசமில்லை.

ஆனால் செயலியை அணைத்த நேரம் அதில் வராது. இவர் காலை 5.30க்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார்; ஷா ஆலம் எல்லைக்குப் போன பிறகுதான் செயலியைத் திறக்கிறார். காப்பாரிலேயே திறந்தால் எதிர்த் திசையில் அழைப்பு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. இரவு வீடு திரும்பும்போதும் அணைத்துவிடுகிறார். மதியம் மசூதிப் பக்கமும் பள்ளிப் பக்கமும் நெரிசல் கட்டினால் அணைத்துவிட்டு எங்காவது நிழலில் நிற்கிறார். வாரத்தில் இரண்டு தடவை எண்ணெய் நிலையத்தில் வரிசை, ஒரு தடவை கார் கழுவல். கதவைப் பூட்டிக் கிளம்பிய நேரத்தையும் திரும்பி வந்து காரை நிறுத்திய நேரத்தையும் எழுதி, நடுவில் வீட்டுக்கு வந்து தூங்கிய நேரத்தை மட்டும் கழித்தபோது அந்த வாரம் 67 மணி நேரம் வந்தது.

966ஐ 67ஆல் வகுத்தால் 14.42 ரிங்கிட். 1,524ஐ 56ஆல் வகுத்தவர் 27.21 ரிங்கிட் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதே கார், அதே வாரம்.

உட்கார்ந்து சாப்பிட்ட நேரத்தைச் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி இங்கே வரும். தொழிற்சாலைச் சம்பளத்தோடு ஒப்பிடுவதாக இருந்தால், அங்கே சாப்பாட்டு நேரத்துக்குச் சம்பளம் இல்லையென்றால் இங்கேயும் கழித்துவிடலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவுகோலாக இருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு அழைப்புக்குக் காத்திருப்பது ஓய்வு ஆகாது. எந்த நொடியிலும் எழுந்து ஓட வேண்டிய நேரம் வேலை நேரம்தான்.

எழுதிய மணிகள் சரியா என்று சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 1,380ஐ 67ஆல் வகுத்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். நிறுத்தமும் காத்திருப்பும் நெரிசலும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு ஓட்டத்துக்கு அது இயல்பாகத் தெரிகிறது. 40 என்று வந்தால், அவர் முழுக்க நெடுஞ்சாலைப் பயணமே ஓட்டுகிறார் அல்லது மணிகளைக் குறைத்து எழுதியிருக்கிறார்.

கேஎல்ஐஏ பயணம் ஏன் ஏமாற்றுகிறது

மணிக்கணக்கு தெரிந்துவிட்டால் தனிப் பயணங்களையும் அதே கண்ணோடு பார்க்க முடியும். கிள்ளானிலிருந்து விமான நிலையத்துக்கு 68 ரிங்கிட் கட்டணத்தில் ஓர் அழைப்பு வந்தால் எல்லாருக்கும் முகம் மலரும். 20 விழுக்காடு போனால் 54.40. பயணியோடு போவதும் வெறுங்காராகத் திரும்புவதும் சேர்த்து 120 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16.5 கிலோமீட்டர் கிடைத்தால் எண்ணெய் 14.50 ரிங்கிட். திரும்பும் டோல் சுமார் 6 ரிங்கிட். மிச்சம் 33.90. போய் வர 2 மணி 20 நிமிடம் என்றால் மணிக்கு 14.50 ரிங்கிட்.

காலை ஏழு மணிக்கு ஷா ஆலம் அடுக்குமாடிகளிலிருந்து எல்ஆர்டி நிலையத்துக்கும் அலுவலகத்துக்குமாக 11 ரிங்கிட் பயணம் மூன்று ஓட்டினால் கட்டணம் 33. தரகு போக 26.40. ஏற்றப் போகிற தூரமும் சேர்த்து 30 கிலோமீட்டருக்கு எண்ணெய் 4.10. மிச்சம் 22.30, ஒரு மணி 20 நிமிடத்தில். மணிக்கு 16.70 ரிங்கிட். ஸ்கிரீன்ஷாட்டில் 68 பெரிதாகத் தெரியும், 11 சிறிதாகத் தெரியும். விமான நிலையத்திலிருந்து திரும்பும்போதும் பயணி கிடைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். ஆனால் அங்கே வரிசையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கிடைத்தால், அந்த ஒன்றரை மணியையும் எழுத வேண்டும்.

எண்ணெயோடு முடியாத செலவு

எண்ணெய் அன்றாடம் கையிலிருந்து போவதால் கண்ணுக்குத் தெரிகிறது. காரின் தேய்மானம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டறையில்தான் தெரியும். இதற்கு ஊகம் வேண்டியதில்லை; கடந்த ஓர் ஆண்டின் பட்டறை ரசீதுகளைக் கூட்டி, அந்த ஆண்டு ஓடிய தூரத்தால் வகுத்தால் போதும். இவருக்கு எண்ணெய் மாற்று, டயர், பிரேக், பேட்டரி, முன்சக்கர வேலை எல்லாம் சேர்த்து 68,000 கிலோமீட்டருக்கு 5,100 ரிங்கிட் ஆகியிருந்தது. கிலோமீட்டருக்கு 7.5 சென். 1,380 கிலோமீட்டருக்கு 103.50 ரிங்கிட். இ-ஹெய்லிங்குக்கான கூடுதல் காப்புறுதி, வாகன அனுமதி, புஸ்பாகோம் சோதனை, பிஎஸ்வி உரிமப் புதுப்பிப்பு ஆகியவற்றை 52 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 15 ரிங்கிட்.

966இலிருந்து இவை இரண்டும் போக 847.50. மணிக்கு 12.65 ரிங்கிட்.

கார்த் தவணையை எப்படிக் கணக்கிடுவது என்பதில் ஓட்டுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கார் எப்படியும் வீட்டுக்குத் தேவை, தவணையை ஏன் வேலையின் தலையில் கட்ட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். ஏற்கெனவே கார் இருந்து, ஓய்வு நேரத்தில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது நியாயம். இந்தத் தொழிலுக்காகவே கார் எடுப்பவருக்கு அது பொருந்தாது. ஆண்டுக்கு 68,000 கிலோமீட்டர் ஓடுகிற கார், தவணை முடியும்போது விற்கிற நிலையில் இருக்குமா என்பதே கேள்வி. அதனால் மச்சானின் முடிவுக்காக இவர் தம்முடைய 620 ரிங்கிட் மாதத் தவணையை முழுமையாகவே சேர்த்தார். 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் வாரம் 143 ரிங்கிட். மிச்சம் 704.50, மணிக்கு 10.51 ரிங்கிட். தவணையைச் சேர்த்தவர் காரின் விலைச் சரிவை மறுபடியும் தனியாகக் கழிக்கக்கூடாது. ஒரே செலவை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

2025 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ள 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம், மணிக்கு 8.72 ரிங்கிட். அதைவிட இது மேல்தான். மச்சானின் 2,100 ரிங்கிட்டை மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்று 208 மணியால் வகுத்தால் 10.10. முதலாளி கட்டும் 13 விழுக்காடு இபிஎஃப் 273 ரிங்கிட்டைச் சேர்த்தால் 11.41. அதன் மேல் ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, மிகைநேர வேலைக்கு ஒன்றரை மடங்கு. ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று வருமானம் இல்லை, தவணை மட்டும் இருக்கும்.

ஒரு வாரம் போதாது

புலனத்தில் வருகிற படம் பெரும்பாலும் நல்ல வாரத்தின் படம். டயர் வெடித்த வாரத்தை யாரும் பகிர்வதில்லை. அதனால் தொடர்ச்சியாக நான்கு வாரம் எடுக்க வேண்டும், நடுவில் ஒன்றை விட்டுவிடாமல். இவருக்குத் தரகு, டோல், எண்ணெய் போக நான்கு வாரத்தில் கிடைத்தது முறையே 966, 871, 640, 905 ரிங்கிட். மணிகள் 67, 64, 52, 66. மூன்றாம் வாரம் பள்ளி விடுமுறை. காலை ஓட்டம் படுத்துவிட்டது, காத்திருப்பு கூடியது. மொத்தம் 3,382 ரிங்கிட், 249 மணி நேரம். மணிக்கு 13.58. முதல் வாரத்தின் 14.42ஐ விட 84 சென் குறைவு. தவணையும் தேய்மானமும் இதிலிருந்துதான் போக வேண்டும்.

நான்கு வாரத்துக்கும் எழுத வேண்டியது அதிகமில்லை. திங்கள் காலை மீட்டர், ஞாயிறு இரவு மீட்டர், அன்றன்று கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், அடித்த லிட்டர், டோல் பட்டியல். விரித்த நிலையில் உள்ள வருமானப் பக்கத்தையும் ஒவ்வொரு ஞாயிறும் படம் எடுத்து வைத்துவிட வேண்டும். வருமான வரிப் பாரம் நிரப்பும்போதும் இதே ஏடு கைகொடுக்கும்.

யாரோ அனுப்பிய படம் மட்டும் கையில் இருக்கிறது, வேறு ஒன்றும் தெரியாது என்றால், காப்பார் ஓட்டுநரின் விகிதங்களை வைத்து ஒரு மேலோட்டமான மதிப்பீடு போடலாம். தரகுக்கு முந்திய தொகையில் 63 விழுக்காட்டை எடுத்து, செயலி காட்டும் மணியை 1.2ஆல் பெருக்கி, இதை அதனால் வகுப்பது. 1,000 ரிங்கிட், 45 மணி என்று ஒரு படம் வந்தால், 630ஐ 54ஆல் வகுக்க மணிக்கு 11.70 வரும், தேய்மானமும் தவணையும் இன்னும் கழிக்கவில்லை. பூச்சோங்கிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ வீட்டு வாசலிலேயே அழைப்பு கிடைப்பவருக்கு வெறும் ஓட்டம் குறைவு, அவருக்கு 63 என்பது 67 ஆகலாம். வாடகைக் காரில் ஓட்டுகிறவருக்கு இந்த விகிதம் பொருந்தவே பொருந்தாது. வாடகையை முதலில் கழிக்க வேண்டும். லிட்டருக்கு 14.5 கிடைக்காத பழைய காருக்கும் அப்படித்தான்.

நான்காவது வாரக் கணக்கை மாமா காட்டியபோது மச்சான் வெகு நேரம் அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாமா, இதுல எனக்கு நைட் ஷிப்ட் அலவன்ஸ் மாசம் 180 வெள்ளி வருது, அதை நீங்க சேர்க்கலையே" என்றார். மாமா பேனாவை அவரிடமே கொடுத்தார்.